கடை வீடியோவுக்கு எண்ட் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கடைகளுக்கு வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வீடியோவின் முடிவில் கடைப் பெயரையும் எண்ணையும் காட்டி நிற்கும் எண்ட் கார்டைப் பற்றிக் கடைக்காரர்களும், எடிட்டிங் பழகும் தம்பி தங்கைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற, வாட்ஸ்அப்பில் கைமாறிப் போகிற, நிமிர்ந்த வீடியோதான் இந்தப் பக்கத்தில் அதிகம் செய்யப்படுகிறது. பதில்கள் பெரும்பாலும் அதற்கானவை.

வாட்ஸ்அப் வீடியோவுக்கு எண்ட் கார்டு எதுக்கு? கேப்ஷன்ல நம்பர் போட்டா போதாதா?

முதலில் பார்ப்பவருக்குப் போதும். கேப்ஷனில் இருக்கும் எண்ணைத் தொட்டாலே அழைக்க வழி வரும், அந்த வகையில் அது கார்டைவிட வசதி. ஆனால் உங்களுக்கு வேண்டிய வாடிக்கையாளர் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது கையில் இருக்கிறார். நெல்லிக்குப்பத்தில் ஒருவர் வீடியோவை டவுன்லோடு செய்து தன் ஸ்டேட்டஸில் வைக்கிறார், அதை அவருடைய மச்சான் கேட்டு வாங்கி வில்லியனூர் குடும்பக் குழுவில் போடுகிறார். இந்த வழியில் கேப்ஷன் எங்கோ கழன்றுவிடும். ஃபார்வர்டு செய்யும்போது அதை நீக்கிவிடவும் முடியும். வீடியோவுக்கு உள்ளேயே பதிந்திருப்பது மட்டும்தான் கடைசி ஆள்வரை போய்ச் சேரும்.

அதனால் கேப்ஷனிலும் எண்ணைப் போடுங்கள், கார்டையும் வையுங்கள். கார்டை வடிவமைக்கும்போது, அந்த வீடியோவைத் தவிர வேறு எதுவுமே கையில் இல்லாத ஒருவரை நினைத்து வடிவமையுங்கள்.

கார்டு எத்தனை செகண்ட் இருக்கணும்?

எல்லாக் கார்டுக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. உங்கள் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். நான் செய்வது இதுதான். கார்டை ஒரு ஆளிடம் காட்டி, வாய்விட்டு, அவசரப்படாமல் படிக்கச் சொல்வேன். அந்த ஆள் கார்டை முன்பே பார்த்திருக்கக் கூடாது. நாம் எழுதிய வரியை நாம் ஒரே மூச்சில் படித்துவிடுவோம், அந்த அளவு பொய் சொல்லும். தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தோடு இரண்டு விநாடி கூட்டுங்கள். அது கைக்கான நேரம்: ‘இதை எடுத்து வைக்கலாம்’ என்று தோன்றி, விரல் பொத்தானுக்குப் போய், ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ நிறுத்தவோ ஆகும் நேரம். பத்து இலக்கத்தை யாரும் பார்த்தவுடன் மனப்பாடம் செய்வதில்லை. கார்டின் உண்மையான வேலை அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுக்க வைப்பதுதான்.

கடைப் பெயர் ஒரு விநாடி, ‘இதைச் செய்யுங்கள்’ என்ற வரி மூன்று விநாடி, எண் நான்கு விநாடி, கைக்கு இரண்டு. ஆக மொத்தம் பத்து. சாதாரணக் கடைக் கார்டு கிட்டத்தட்ட இங்கேதான் வந்து நிற்கும். மூன்று, நான்கு விநாடியில் முடிகிற கார்டில் எண் இருந்தும் இல்லாததுதான்.

கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். டைம்லைனில் கார்டின் நீளம் ஆறு விநாடி என்று காட்டும். அதில் லோகோ சுழன்று வர ஒன்றரை விநாடி, பெயர் ஓர் ஓரத்திலிருந்து வர ஒரு விநாடி, எண் கடைசியாக எழுத்தெழுத்தாக விழ ஒரு விநாடி, முடிவில் கறுப்பாக மங்க ஒரு விநாடி. மீதி ஒன்றரை விநாடிதான் எண் முழுதாக, அசையாமல் நிற்கிறது. கடைசியாக வரும் பொருள் அசைவை நிறுத்திய இடத்திலிருந்து, முதலில் மங்கத் தொடங்கும் பொருள் மங்கும் இடம்வரை எண்ணுங்கள். அந்த இடைவெளிதான் கார்டின் நேரம். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் பத்து விநாடி என்றால் அங்கே 250 ஃபிரேம் இருக்க வேண்டும்.

அசைவு வேண்டும் என்று ஆசையாக இருந்தால் எண்ணை முதலில் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள், லோகோ அப்புறம் மெதுவாக வரட்டும். முடிவில் மங்கவே வேண்டாம். கடைசி ஃபிரேமில் எல்லாம் முழு வெளிச்சத்தில் நிற்கட்டும். சில பிளேயர்கள் வீடியோ முடிந்ததும் கடைசி ஃபிரேமைத் திரையில் அப்படியே வைத்திருக்கும். அது கறுப்பாக இருந்தால் கிடைக்கவிருந்த அந்த நேரமும் போய்விடும்.

பத்து செகண்ட் ஒரே படம் நின்னா ஜனங்க தள்ளிட்டுப் போயிடுவாங்களே?

போவார்கள். வீடியோ முடிந்துவிட்டது என்ற உணர்வு வந்த கணத்தில் விரல் நகர்ந்துவிடும். அதனால் முடிந்துவிட்டது என்று காட்டாமலேயே கார்டைக் கொண்டுவர வேண்டும்.

எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்யும் வழி, வீடியோவை நிறுத்தாமல் மேல்பகுதியில் ஓட விட்டு, கீழ்ப்பகுதியில் கார்டை நிறுத்துவது. மேலே முந்திரி பாக்கெட்டில் விழுந்துகொண்டிருக்கிறது, தையல் மெஷின் ஓடுகிறது, தோசைக்கல்லில் நெய் விழுகிறது. கண் அதில் இருக்கும்போதே கீழே உள்ள எண் படிக்கப்படுகிறது. இதற்காகவே படப்பிடிப்பில் கூடுதலாக ஒரு ஷாட் எடுத்து வையுங்கள்: பன்னிரண்டு விநாடி, கேமரா அசையாமல், கை வேலை செய்துகொண்டே இருப்பது போல. எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு தேடினால் அப்படி ஒரு ஷாட் கிடைக்காது.

இன்னொன்று இசை. இசை கார்டுக்கு முன்பே முடிந்துவிட்டால் காது ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். பாடலின் முடிவை வீடியோவின் கடைசி விநாடியோடு பொருத்தி வையுங்கள். பின்னணிக் குரல் இருந்தால், செய்யச் சொல்லும் வரியைக் கார்டு வந்த பிறகு பேச வையுங்கள், முன்னால் வேண்டாம்.

போன், வாட்ஸ்அப், இன்ஸ்டா, வெப்சைட் எல்லாமே இருக்கு. எல்லாத்தையும் போட்டா யாருக்கு எது வசதியோ அதுல வருவாங்க இல்லையா?

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் திரையில் இருக்கும் அந்தச் சில விநாடிகளில் ‘எதில் போவது’ என்று தேர்ந்தெடுக்கவே நேரம் போய்விடுகிறது. நான்கு வழி போட்டால் அவற்றைப் படிக்கும் நேரமும் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். கார்டு இருபது விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும், அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுக்க, உங்கள் கடையில் விற்பனை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பைக் ரிப்பேர், பிளம்பர், வாடகை வண்டி என்றால் அவசரம் இருக்கிறது, ‘அழையுங்கள்’தான் சரி. பிரியாணிக் கடை, ஜவுளிக்கடை என்றால் ஆள் நேரில் வர வேண்டும். அங்கே இடத்தைச் சொல்வதே வேலை, எண் சின்னதாக இருந்தாலும் போதும். விலை பலவிதமாக இருக்கிற பொருள், அளவு அல்லது படம் பார்த்துப் பேச வேண்டிய வேலை என்றால் வாட்ஸ்அப். கடை மூடிய பின் இரவு பத்து மணிக்கு வீடியோ பார்ப்பவர் அழைக்க மாட்டார், செய்தி அனுப்பி வைப்பார்.

தேர்ந்தெடுத்ததை வினைச்சொல்லோடு எழுதுங்கள். வெறும் ‘தொடர்புக்கு’ என்று எழுதினால் என்ன செய்வது, செய்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாது. ‘விலைப்பட்டியல் வேண்டுமா? வாட்ஸ்அப்பில் விலை என்று அனுப்புங்கள்’ என்பதில் இரண்டும் இருக்கிறது.

‘லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க’ என்பதும் ஒரு செயல்தான். அதைக் கார்டில் போட்டால் உங்கள் ஒரே வாய்ப்பை அதற்குக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு கார்டை எடுத்து, முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு காட்ட முடியுமா?

மஞ்சக்குப்பத்தில் பண்ருட்டி முந்திரி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கல்யாண ஆர்டர்தான் அவர்களுக்கு முக்கியம். 40 விநாடிக் காட்சி, அதன் முடிவில் ஐந்து விநாடிக் கார்டு. நடுவில் பெரிய லோகோ, அதன் கீழே மூன்று செல்போன் எண்கள், ஒரு லேண்ட்லைன், மின்னஞ்சல், இணையதளம், இரண்டு சமூக ஊடகக் குறிகள், கதவு எண்ணோடு மூன்று வரி முகவரி, மூலையில் க்யூஆர் கோடு. கடை நடத்தும் அக்காவின் கவலை, ‘தம்பி, ஒரு நம்பர் எடுத்துட்டா அந்த ஆர்டர் போயிடுமே’ என்பது. மூன்று எண்ணில் எதை எடுக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டதில், ஒன்று மகன் சென்னைக்குக் கொண்டுபோய்விட்ட எண் என்று தெரிந்தது.

முதலில் செயல். முந்திரியில் உடைத்த பருப்பு, முழுப் பருப்பு, முழுப் பருப்பிலும் W240, W320 என்று தரம் தரமாக விலை மாறும். போனில் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒரு பட்டியல் படமாக அனுப்பினால் கல்யாண வீட்டில் நான்கு பேர் பார்த்து முடிவு செய்வார்கள். ஆகவே வாட்ஸ்அப். ஒரே எண், கடை வேலை நேரத்தில் கல்லாவில் இருக்கும் போனின் எண்.

திரை 1080 அகலம், 1920 உயரம். மேலிருந்து 640 பிக்சல்வரை பருப்பு பாக்கெட்டில் விழும் ஷாட் ஓடுகிறது. அதற்குக் கீழே அடர்ந்த பச்சைப் பின்னணி. 680 முதல் 790வரை இடப்பக்கம் லோகோ, பக்கத்தில் கடைப் பெயர். 820 முதல் 1030வரை இரண்டு வரியில் செய்ய வேண்டியது: ‘கல்யாண ஆர்டர் விலை தெரிய / வாட்ஸ்அப்பில் விலை என்று அனுப்புங்கள்’. 1060 முதல் 1190வரை எண், ஐந்து ஐந்து இலக்கமாக நடுவே இடைவெளி விட்டு, திரை அகலத்தில் முக்கால் பங்குக்கு வெள்ளையில். 1200 முதல் 1250வரை ஒரே வரி முகவரி. அதற்குக் கீழே வெறும் பச்சை.

எண்ணைச் சரியாக நடுவில் வைக்காததற்குக் காரணம் உண்டு. வீடியோவை நிறுத்தினால் பல பிளேயர்களில் நடுவே பெரிய ப்ளே குறி வரும், அடியில் நேரக்கோடு வரும். எண் நடுவிலோ அடியிலோ இருந்தால் நிறுத்திப் படிக்க முயல்பவருக்கே மறைந்துவிடும். 1920இல் நடு 960. குறி செயல் வரியின் மேல் விழுந்தாலும் எண் தப்பிக்கிறது.

நேரம்: எல்லாம் ஒரே சமயத்தில், அரை விநாடியில் தோன்றும். பிறகு பத்து விநாடி அசையாது. முன்னால் 40 விநாடி இருந்த காட்சியை 34 ஆகக் குறைத்தோம், ஏனென்றால் கார்டு நேரத்திலும் மேலே காட்சி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 45 விநாடி. பழைய வீடியோவின் நீளமும் அதுதான்.

இணையதளமும் இன்ஸ்டாவும் எங்கே போயின? வாட்ஸ்அப் பிசினஸ் புரொஃபைலில் போட்டாயிற்று. செய்தி அனுப்புகிறவர் அங்கே பார்த்துக்கொள்வார்.

லோகோ எவ்வளவு பெருசா இருக்கணும்?

அடையாளம் தெரியும் அளவுக்கு இருந்தால் போதும், எண்ணைவிடக் கண்ணை இழுக்கக் கூடாது. கடைசிப் பத்து விநாடியில் கடையின் பெயரை அறிமுகம் செய்வது தாமதம். பெயர்ப்பலகையையோ பாக்கெட்டையோ வீடியோவின் தொடக்கத்திலேயே காட்டியிருக்க வேண்டும்.

விசிட்டிங் கார்டைப் போட்டோ எடுத்து அதிலிருந்து லோகோவை வெட்ட வேண்டாம், வெள்ளைக் கட்டத்தோடு மங்கலாக வரும். போர்டு அடித்தவரிடமோ பிரஸ்ஸிலோ மூலக் கோப்பைக் கேளுங்கள், பெரும்பாலும் பிடிஎஃப் ஆகவாவது வைத்திருப்பார்கள்.

முகவரியை ஒரே வரியில் எப்படி எழுதுறது?

கதவு எண்ணை விடுங்கள். ஊர், பகுதி, ஓர் அடையாளம் போதும். ஆனால் அந்த அடையாளம் ஒன்றைத்தான் குறிக்க வேண்டும், நம் பக்கத்தில் இது தவறிப்போவது சுலபம். கடலூரில் ‘ரயில் நிலையம் அருகில்’ என்றால் திருப்பாதிரிப்புலியூரா, முதுநகரா என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். ‘கடலூர் சாலை’ என்று மட்டும் எழுதினால் புதுச்சேரி முதலியார்பேட்டைக் கடைக்குக் கடலூரிலேயே தேடுவார்கள். ‘கடலூர் சாலை, முதலியார்பேட்டை, புதுச்சேரி’ என்று முடித்தால் குழப்பம் இல்லை. ‘பாடலீஸ்வரர் கோயில் அருகில், திருப்பாதிரிப்புலியூர்’, ‘பெரிய மார்க்கெட் எதிரில், நேரு வீதி, புதுச்சேரி’ போன்றவை படித்தவுடன் புரியும்.

லேண்ட்லைன்தான் உங்கள் ஒரே எண் என்றால் குறியீட்டோடு எழுதுங்கள்: புதுச்சேரிக்கு 0413, கடலூருக்கு 04142. பார்ப்பவர் செல்போனிலிருந்துதான் அழைக்கப் போகிறார், உள்ளூரில் இருந்தாலும் குறியீடு இல்லாமல் போகாது.

க்யூஆர் கோடு போடலாமா?

போனில் பார்க்கும் வீடியோவுக்கு வேண்டாம். திரையும் கேமராவும் ஒரே கையில் இருக்கும்போது எதை எதால் ஸ்கேன் செய்வது? ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதிலிருந்து படிக்க வழி உண்டு என்றாலும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் ஆளுக்கு எண்ணே போதும்.

கடைக்குள் டிவியில் ஓடும் வீடியோவுக்கு நன்றாகப் பயன்படும். அளவுக்கு ஒரு தோராய விதி: பார்ப்பவர் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. 32 அங்குல டிவியின் உயரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு க்யூஆர் கோடு 20 சென்டிமீட்டர், அதாவது திரையின் பாதி உயரம் வேண்டும். மூலையில் வைக்கும் சின்னக் கட்டம் வேலைக்கு ஆகாது. க்யூஆர் கோடுக்குள் இருக்கும் சிறுகட்டங்களில் நான்கின் அகலத்துக்குச் சுற்றிலும் வெற்று வெள்ளை விடுங்கள். போனை எடுத்து, பூட்டைத் திறந்து, கேமராவை நீட்ட வேண்டும் என்பதால் பதினைந்து விநாடியாவது நிற்கட்டும். வாட்ஸ்அப்புக்கான இணைப்பு `https://wa.me/91` என்று தொடங்கி, அதை ஒட்டிப் பத்து இலக்கம். கூட்டல் குறி, எண்ணுக்கு முன்னால் போடும் சுழியம், இடைவெளி எதுவும் வரக் கூடாது.

தமிழ் எழுத்து உடைஞ்சு வருது. ‘தொடர்பு’ன்னு அடிச்சா கொம்பு தனியா நிக்குது. என்ன பண்றது?

ஃபாண்ட்டை மாற்றிப் பார்ப்பதற்கு முன் மென்பொருளின் எழுத்து அமைப்பைப் பாருங்கள். ஒகரத்தின் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பகுதி இயங்காவிட்டால் குறிகள் இடம் மாறியோ, புள்ளி வட்டத்தோடோ நிற்கும். பிரீமியர் புரோவில் Preferences உள்ளே Graphics பகுதியில் எழுத்து இயந்திரத்தை South Asian and Middle Eastern என்று மாற்ற வேண்டும். பிறகு எழுத்தைப் புதிதாக அடித்துப் பாருங்கள்.

போன் செயலியில் சரியாக வராவிட்டால், கார்டை வேறு செயலியில் படமாகச் செய்து பிஎன்ஜி ஆக உள்ளே கொண்டுவருவது எளிது. கார்டு அசையாத படம்தானே, எதுவும் குறையாது.

உடைந்திருக்கிறதா என்று சோதிக்க ‘நெல்லிக்குப்பம், கோண்டூர்’ என்று அடித்துப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் மூன்றும் அதில் இருக்கின்றன. எழுத்தின் மேலும் கீழும் குறிகள் நீள்வதால் தமிழுக்கு வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும்.

எடிட்டிங்கில் பளிச்சுனு இருக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினா சிவப்பு எழுத்து கலங்கிப் போகுது. ஏன்?

வீடியோவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. சாதாரண எம்பி4 கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்ச அளவு உண்டு, ஆனால் நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். நீலத்தின் மேல் சிவப்பு எழுதினால் இரண்டின் வெளிச்சமும் குறைவு, வேறுபாடு பெரும்பாலும் நிறத்தில்தான். அந்த நிறம் பாதிக் கூர்மையில் இருப்பதால் எழுத்தின் ஓரம் கசிகிறது. வாட்ஸ்அப் இன்னொரு முறை சுருக்கும்போது அது கலங்கியே போகிறது.

அடர்ந்த பின்னணியில் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள், அல்லது வெளிர்ந்த பின்னணியில் கறுப்பு. இப்படி வெளிச்சத்தில் வேறுபாடு இருந்தால் சுருக்கினாலும் ஓரம் பெரும்பாலும் நிற்கும். சோதிக்க, கார்டின் ஸ்கிரீன்ஷாட்டைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதில் படிக்க முடிந்தால் வெயிலில் சில்வர் பீச்சில் நின்றும் படிக்க முடியும். மெல்லிய கோட்டு எழுத்துகளையும் தவிர்த்துவிடுங்கள்.

ரீல்ஸில் போட்டா நம்பர் மறைஞ்சிடுது.

அடியில் கணக்குப் பெயரும் வரிகளும், வலப்பக்கம் இதயம் முதலான குறிகளும் மேலே வந்து உட்காருகின்றன. அடியில் மூன்றில் ஒரு பங்கையும் வலப்பக்க ஓரத்தையும் காலியாக விடுங்கள். முந்திரிக் கார்டில் எழுத்து 1250இல் முடிந்ததற்கு இதுவே காரணம். ஒரே கார்டை இரண்டு இடத்துக்கும் பயன்படுத்தலாம்.

ரீல்ஸ் வரிகளில் போடும் இணைப்பைத் தொட முடியாது. யூடியூப் ஷார்ட்ஸ் விளக்கத்திலும் கருத்துகளிலும்கூட 2023 ஆகஸ்ட் 31க்குப் பிறகு இணைப்புகள் வேலை செய்வதில்லை. அங்கேயும் கார்டில் உள்ள எண்ணே துணை.

யூடியூப் எண்ட் ஸ்கிரீனும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அது யூடியூப் மேலே ஒட்டுவது: கடைசி 5 முதல் 20 விநாடி, வீடியோ குறைந்தது 25 விநாடி நீளம் இருக்க வேண்டும், ஷார்ட்ஸுக்குக் கிடையாது. வீடியோவை வெளியே எடுத்தால் அது கூட வராது. இரண்டையும் வைப்பதானால் அதன் கட்டங்கள் எண்ணின் மேல் விழாதபடி இடம் ஒதுக்குங்கள். கடை வீடியோவுக்கு ஒரே ஒரு ‘அடுத்த வீடியோ’ கட்டம் போதும். சப்ஸ்கிரைப் கேட்டால் திரையில் மீண்டும் இரண்டு வேலை ஆகிவிடும்.

வீடியோ ரெடியாகி வந்துடுச்சு, கார்டு மூணு செகண்ட்தான். எடிட் பண்ணினவர் ப்ராஜெக்ட் ஃபைல் அழிச்சிட்டார். நீட்ட முடியுமா?

முடியும், கடைசி ஃபிரேமில் கார்டு முழுதாக இருந்தால். போன் எடிட்டிங் செயலியில் கார்டு முழுதாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஃப்ரீஸ் செய்து, அந்தப் படத்தை ஏழு விநாடி நீட்டுங்கள். கணினியில் `ffmpeg` இருந்தால் ஒரே வரி:

```
ffmpeg -i kadai.mp4 -vf tpad=stop_mode=clone:stop_duration=7 -af apad=pad_dur=7 puthusu.mp4
```

கடைசி ஃபிரேமை ஏழு விநாடி நிறுத்தி, ஒலிக்கும் அதே அளவு அமைதியைச் சேர்க்கும். கார்டு கறுப்பாக மங்கி முடிந்திருந்தால் இது கறுப்பையே நீட்டும். அப்போது மங்கும் பகுதியை முதலில் வெட்டிவிட்டு இதைச் செய்யுங்கள். இசை முன்பே முடிந்துபோகும் என்பது இந்த வழியின் குறை. முடிந்தால் இசையைப் புதிதாகப் போடுங்கள்.

லோக்கல் கேபிள் டிவிக்கும் இதே கார்டு போதுமா?

அகலமான திரைக்குத் தனியாகச் செய்யுங்கள். சில டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும், ஆகவே எழுத்தெல்லாம் நடுவிலுள்ள 90 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். டிவியை நிறுத்தவும் முடியாது, ஸ்கிரீன்ஷாட்டும் கிடையாது என்பதால் எண்ணைக் குரலிலும் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

கார்டு வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வெளியிடும் முன், வீடியோவை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இன்னொரு போனுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். அந்தப் போனில், ஒலியை அணைத்து, வீடியோவை முன்பு பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். கண்ணாடி போடும் வயதுள்ளவராக இருந்தால் நல்லது. ‘கார்டைப் பாருங்கள்’ என்று சொல்லக் கூடாது. முடிந்ததும் ‘இந்தக் கடையில் விலை கேட்கணும்னா என்ன பண்ணுவீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். ‘வாட்ஸ்அப்பில் அனுப்பணும்’ என்று சொல்லி, திரும்பப் போட்டு எண்ணை எடுத்தால் சரி. ‘ஏதோ நம்பர் வந்துச்சு’ என்றால் நேரம் போதவில்லை. ‘நேர்ல போகணுமா?’ என்று திருப்பிக் கேட்டால், நேரத்தை நீட்டிப் பயனில்லை, செயல் வரியை மாற்றி எழுத வேண்டும்.

வெளியிட்ட பின் கணக்கு வைக்க, ‘விலை’ என்ற சொல் உதவும். அடுத்த வீடியோவில் ‘பட்டியல்’ என்று மாற்றுங்கள். கடை வாட்ஸ்அப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் எந்த வீடியோவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓரளவு தெரியும். வெறும் ‘ஹலோ’ அனுப்புகிறவர்களும், நேராக அழைத்துவிடுகிறவர்களும் இதில் வர மாட்டார்கள். அவர்களிடம் கல்லாவில் இருப்பவர் ‘எங்கே பார்த்தீங்க?’ என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.